கார்டில் சந்தாப் பணம் ஏறவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பாளையங்கோட்டையில் ஆபீஸ் வைத்து, ஜங்ஷன், டவுன், அம்பாசமுத்திரம், வள்ளியூர், திசையன்விளை வரை கடைகளுக்கு பில்லிங் மென்பொருளை மாதச் சந்தாவில் கொடுக்கிற ஒரு சின்ன நிறுவனத்தை மனத்தில் வைத்து இந்த வழிமுறை எழுதப்பட்டிருக்கிறது. சந்தா மாதம் 1,499 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 1,768.82. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி வாடிக்கையாளரின் கார்டிலிருந்து தானாக எடுக்கப்படுகிறது. உங்கள் தொகையும் தேதியும் வேறாக இருந்தாலும் பார்க்க வேண்டிய இடங்கள் இவைதான்.

எந்த அறிகுறியானாலும் முதலில், கார்டிலிருந்து பணம் வாங்கித் தரும் கேட்வே நிறுவனத்தின் பேனலில் அந்த இன்வாய்ஸைத் திறந்து வங்கி தந்த மறுப்புக் குறியீட்டைப் பாருங்கள். மேலே சிவப்பில் தெரியும் `failed` என்ற சொல் ஒன்றும் சொல்லாது. உள்ளே போனால் `51`, `54`, `05` என்று இரண்டு இலக்க எண் இருக்கும். சில கேட்வே எண்ணுக்குப் பதில் `insufficient_funds`, `expired_card` என்று சொல்லாகவே காட்டும். இதைப் பார்க்காமல் எல்லாத் தோல்விக்கும் ஒரே மறுமுயற்சி அட்டவணையைப் போட்டு வைப்பதுதான் பெரும்பாலான சிக்கலுக்கு வேர். வராத கார்டைத் திரும்பத் திரும்பத் தட்டினால் வங்கி உங்கள் கணக்கையே சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கும். விசா நெட்வொர்க்கில் மறுக்கப்பட்ட ஒரே பரிவர்த்தனையை 30 நாளில் 15 தடவைக்கு மேல் முயலக் கூடாது. தொலைந்த கார்டு போன்ற சில குறியீடுகளுக்கு ஒரு தடவைகூட மறுமுயற்சி கூடாது.

## அறிகுறி: `51` அல்லது `insufficient_funds`

கணக்கில் அந்த நேரத்தில் பணம் இல்லை. இதுதான் அதிகம் வருவது, இதுதான் அதிகம் மீள்வதும். தானாகப் பணம் எடுக்க வாடிக்கையாளர் வங்கியில் பதிந்து தந்த ஒப்புதலான மேண்டேட் உயிரோடு இருக்கிறது, கார்டு நன்றாக இருக்கிறது, தப்பாக இருப்பது நேரம் மட்டும்தான்.

செலவில்லாத முதல் சோதனை: எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள்? பல மென்பொருளில் சந்தா நள்ளிரவு 12 மணிக்கு ஓடும்படி இருக்கும். கடைக்காரர் முந்தைய நாள் வசூலை வங்கியில் கட்டுவது காலை 10 மணிக்கு மேல்தான். நள்ளிரவில் கணக்கு காலியாகவும் மதியம் நிறைந்தும் இருப்பது சாதாரணம். வங்கிகளின் பராமரிப்பு வேலையும் இரவில்தான் நடக்கும், அப்போது `91` என்ற குறியீடும் சேர்ந்து வரும். அது வங்கி பதில் சொல்லவில்லை என்பதற்கான குறியீடு. ஓடும் நேரத்தை மதியம் 12.30-க்கு மாற்றுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

இரண்டாவது சோதனை: எந்தக் கிழமை, எந்தத் தேதி? அந்த வாடிக்கையாளரின் பழைய ஆறு மாத இன்வாய்ஸை எடுத்து, பணம் ஏறிய தேதிகளை மட்டும் எழுதிப் பாருங்கள். சம்பளக்காரர் என்றால் மாதத்தின் முதல் வாரம் தெரியும். கடைக்காரர்களுக்கு அப்படியில்லை. மொத்த வியாபாரிக்குக் கொடுத்த செக் பாஸாகும் நாளில் கணக்கு வற்றும். ஆனித் தேரோட்டத்துக்குச் சரக்கு இறக்கும் டவுன் கடைகளிலும், அறுவடை நேரத்தில் நெல் பிடிக்கும் அம்பை வியாபாரிகளிடமும் பணமெல்லாம் சரக்காகவே நிற்கும். அதைத் தெரிந்துகொண்டால் அந்த ஒருவருக்கு மட்டும் பில் தேதியை 5-லிருந்து 12-க்கு நகர்த்திவிடலாம். மாதாமாதம் மறுமுயற்சி செய்வதைவிட அது நல்லது.

மறுமுயற்சி அட்டவணை. இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டு அட்டவணையை அப்படியே போட முடியாது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் கார்டு கொடுத்த வங்கி வாடிக்கையாளருக்கு முன்னறிவிப்பு அனுப்ப வேண்டும். அதில் வேண்டாம் என்று விலகவும் வழி இருக்க வேண்டும். மறுமுயற்சிக்கும் புதிய முன்னறிவிப்பு தேவை என்றே வைத்துக்கொண்டு நேரத்தைப் போடுங்கள். முன்னறிவிப்புக் கோரிக்கையை 10 மணிக்கு அனுப்பி மறுநாள் 12.30-க்கு எடுத்தால் இருபத்தாறரை மணி நேரம் கிடைக்கும், வங்கி கொஞ்சம் தாமதித்தாலும் தாங்கும். ‘இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி’ என்று அமைத்திருந்தால் அது வெறும் தோல்வியாகவே பதிவாகும்.

மொத்தம் நான்கு முயற்சி போதும்: 5, 8, 12, 19. இடைவெளி விரிந்துகொண்டே போவது வேண்டுமென்றேதான். முதல் இரண்டு நாளில் வராத பணம், அடுத்த வசூல் சுற்றில் வரும். அடுத்தடுத்த நாளில் தட்டுவதால் வராது. ஓர் அம்பாசமுத்திரம் அரிசிக் கடையின் இன்வாய்ஸ் முதல் தோல்விக்குப் பின் இப்படி இருக்க வேண்டும்:

```
invoice:   INV-0418
amount:    1768.82
code:      51
attempt:   1 of 4
prenotify: 07 10:00
retry_at:  08 12:30
key:       INV-0418-a2
```

கடைசி வரியில் இருப்பது ஒவ்வொரு முயற்சிக்கும் தனித்தனியான அடையாளம். நெட் அறுந்து உங்கள் சர்வர் அதே கோரிக்கையை இரண்டு தடவை அனுப்பினாலும், ஒரே அடையாளம் இருந்தால் கேட்வே ஒரு தடவைதான் எடுக்கும். 12-ஆம் தேதி முயற்சிக்கு `a3` என்று மாறும். இதை விட்டுவிட்டால் ஒரே சந்தாவுக்கு இரண்டு தடவை பணம் போகும். அப்புறம் எவ்வளவு பணிவாக எஸ்.எம்.எஸ். அனுப்பியும் பிரயோஜனம் இல்லை.

அந்தக் கடைக்கு 8-ஆம் தேதியும் `51` வந்தால் 12 வரை பொறுங்கள். 12-இல் பணம் ஏறிவிட்டால் அடுத்த பில் மறுபடியும் 5-ஆம் தேதியே வர வேண்டும். தாமதமாகக் கட்டிய தேதியிலிருந்து புதிய மாதத்தைக் கணக்கிடும்படி மென்பொருள் இருந்தால், வருஷக் கடைசியில் உங்கள் கணக்கும் அவர் கணக்கும் ஒத்துவராது.

அறிவிப்புகள். முதல் தோல்வி அன்று மாலைக்குள் ஒன்று, 11-ஆம் தேதி ஒன்று, 18-ஆம் தேதி ஒன்று. மூன்றுக்கு மேல் வேண்டாம். முதலாவது இப்படி இருக்கலாம்:

> வணக்கம். இந்த மாத பில்லிங் சந்தா ரூ.1,768.82 (INV-0418) இன்று கார்டிலிருந்து பெறப்படவில்லை. 8-ஆம் தேதி மதியம் மறுபடி முயல்கிறோம். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இப்போதே செலுத்த விரும்பினால் இணைப்பு கீழே. உங்கள் சேவை வழக்கம்போல் இயங்கும்.

‘கணக்கில் பணம் இல்லை’ என்று ஒருபோதும் எழுதாதீர்கள். கடையின் நம்பர் இருக்கும் போன் கல்லாவில் கிடக்கும். அதை மகனும் பார்ப்பான், வேலைக்கு நிற்கிற பையனும் பார்ப்பான். காரணம் உங்கள் பேனலிலேயே இருக்கட்டும். ‘உடனடியாக’, ‘தவறினால்’, ‘இறுதி எச்சரிக்கை’ என்ற சொற்களும் வேண்டாம். அவை வந்தால் மோசடி எஸ்.எம்.எஸ். என்றே நினைப்பார்கள், நினைப்பதும் நியாயம்தான். இணைப்பு உங்கள் சொந்த இணைய முகவரியில் இருக்க வேண்டும், சுருக்கிய முகவரி கூடாது. கார்டு நம்பரையோ ஓடிபியையோ செய்தியிலும் போனிலும் கேட்கவே கூடாது.

18-ஆம் தேதி அறிவிப்பில் மட்டும் என்ன நடக்கும் என்பதைத் தேதியோடு சொல்லுங்கள்:

> வணக்கம். INV-0418, ரூ.1,768.82 இன்னும் நிலுவையில் உள்ளது. நாளை மதியம் கடைசியாக முயல்கிறோம். பெறப்படாவிட்டால் 26-ஆம் தேதி முதல் புதிய பில் போட முடியாது. பழைய பில்களைப் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம். தேதி மாற்றித் தர வேண்டுமானால் இந்த எண்ணில் சொல்லுங்கள்.

‘தேதி மாற்றித் தர’ என்ற அந்த ஒரு வரிக்குத்தான் பதில் அதிகம் வரும். எடுக்க வேண்டிய தகவலும் அதுதான்.

`61`, `65` என்று வந்தால் பணம் இருக்கிறது, கார்டின் தினசரி வரம்பு முடிந்துவிட்டது என்று பொருள். மறுநாள் முயன்றால் பெரும்பாலும் ஏறிவிடும்.

எப்போது வெளியாளைக் கூப்பிட வேண்டும்: வெவ்வேறு வங்கி வாடிக்கையாளர்களுக்கு ஒரே மணி நேரத்தில் `91` அல்லது `96` வந்தால், அட்டவணையை நிறுத்திவிட்டு கேட்வே உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். அது உங்களால் தீராது.

## அறிகுறி: `54`, `14`, `41`, `43`

காலாவதியான கார்டு, தவறான எண், தொலைந்த கார்டு, திருட்டுப் போன கார்டு. இவற்றில் மறுமுயற்சியை உடனே நிறுத்துங்கள். எத்தனை நாள் பொறுத்தாலும் இந்தக் கார்டு திரும்பி வராது.

வங்கி புதிய கார்டு அனுப்பியிருக்கும். 2022 அக்டோபர் முதல் கடைகளும் நிறுவனங்களும் கார்டு எண்ணைச் சேமித்து வைக்க முடியாது, அந்த எண்ணுக்குப் பதிலான டோக்கன் என்ற குறியீடு மட்டும்தான் இருக்கும். அதனால் ‘எண்ணை மட்டும் மாற்றிக்கொடுங்கள்’ என்பது நடக்காது. வாடிக்கையாளர் உங்கள் இணைப்புக்குப் போய், புதிய கார்டைப் போட்டு, ஓடிபி கொடுத்து, புதிய மேண்டேட் பதிய வேண்டும். அந்தப் பக்கத்தில் நிலுவைத் தொகையும் சேர்ந்தே கட்டப்படும்படி வையுங்கள். கார்டு மாற்றம் ஒரு பக்கம், பணம் கட்டுவது இன்னொரு பக்கம் என்று பிரித்தால் பாதிப்பேர் முதல் பக்கத்தோடு போய்விடுவார்கள்.

இதில் எஸ்.எம்.எஸ்-ஐவிட ஒரு போன் மேல். நம்ம ஊரில் பேச்சு இரண்டு நிமிஷம்தான் ஆகும்:

“அண்ணாச்சி, பில்லிங் ஆபீஸ்லேந்து பேசுதேன். புதுக் கார்டு ஏதும் மாத்துனியளா?”

“ஆமா, போன மாசமே வந்துட்டு. இன்னும் கவர் பிரிக்கல.”

“பிரிச்சு, ஏ.டி.எம்.ல பின் போட்டுருங்க. நான் ஒரு லிங்க் அனுப்புதேன், அதுல நீங்களே போட்டுக்கலாம். நம்பரை என்கிட்ட சொல்ல வேண்டாம்.”

கார்டு காலாவதியாகும் மாதம் உங்கள் பேனலில் டோக்கனோடு தெரிந்தால், அதற்கு முந்தைய மாதமே இந்தப் போனைப் போட்டுவிடுங்கள். அடிக்கடி கார்டு மாறுகிறவர்களுக்கு யு.பி.ஐ. ஆட்டோபே பதிந்து கொடுங்கள். அதில் கார்டு காலாவதி என்ற பேச்சே இல்லை.

## அறிகுறி: `05` அல்லது `57`, காரணம் சொல்லாமல் மறுப்பு

போன மாதம் வரை ஏறியது, கணக்கில் பணமும் இருக்கிறது என்று வாடிக்கையாளர் சத்தியம் செய்வார். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். எளிதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் கார்டின் ஆன்லைன் சுவிட்ச். 2020 அக்டோபரிலிருந்து, புதிதாகத் தரப்படும் கார்டில் உள்நாட்டு ஏ.டி.எம்.மும் கடை இயந்திரமும் மட்டுமே இயங்கும். ஆன்லைனைக் கார்டுக்காரர்தான் திறக்க வேண்டும். வங்கி ஆப்பில் கார்டு அமைப்புகளுக்குப் போனால் ஆன்லைன், வெளிநாடு, தொகை வரம்பு என்று தனித்தனி சுவிட்ச் இருக்கும். ஏதோ மோசடிச் செய்தி படித்துவிட்டு வீட்டுப் பிள்ளைகள் ஆன்லைனை அணைத்து வைத்திருப்பது சகஜம். உங்கள் கேட்வே வெளிநாட்டில் பணம் பெறுவது என்றால் வெளிநாட்டு சுவிட்சும் திறந்திருக்க வேண்டும்.

அது சரியாக இருந்தால் மேண்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னறிவிப்பில் வரும் விலகல் இணைப்பை, தெரியாமலோ தெரிந்தோ தட்டியிருக்கலாம். பேனலில் மேண்டேட் `cancelled` அல்லது `revoked` என்று காட்டும். வங்கியின் மேண்டேட் பக்கத்திலும் தெரியும். விலகியிருந்தால் முதலில் வேண்டுமென்றே விலகினாரா என்று கேளுங்கள். வேண்டாம் என்று போனவரிடம் மறுமுயற்சி அறிவிப்பு அனுப்புவது அழகல்ல. `R0`, `R1` வந்தாலும் அதே பொருள்தான்: வாடிக்கையாளரே வங்கியிடம் நிறுத்தச் சொல்லிவிட்டார். மறுமுயற்சி கூடாது.

இரண்டும் சரி, இன்னும் `05` என்றால் மூன்று நாள் விட்டு ஒரே ஒரு தடவை முயலுங்கள். அதிலும் மறுத்தால் வாடிக்கையாளர்தான் தன் வங்கிக் கிளையையோ கார்டின் பின்புற எண்ணையோ கேட்க வேண்டும். காரணத்தை வங்கி உங்களிடம் சொல்லாது. அவர் கேட்க வசதியாக நாள், நேரம், தொகை, கடை பெயர் வங்கி ஸ்டேட்மென்ட்டில் எப்படி வரும் என்பது ஆகிய நான்கையும் ஒரே செய்தியில் அனுப்பிக் கொடுங்கள்.

## அறிகுறி: ஒரே நாளில் பலருக்குத் தோல்வி, குறியீடு வேறு வேறு

இங்கே கோளாறு வாடிக்கையாளரிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. விலை ஏற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். குறிப்பிட்ட தொகைக்கு என்று பதிந்த மேண்டேட்டில் அந்தத் தொகைக்கு மேல் எடுக்க முடியாது. 1,499-ஐ 1,699 ஆக்கினால் வரியோடு 2,004.82. மேண்டேட் 1,768.82-க்கு இருந்தால் அத்தனையும் விழும். பதியும்போதே தொகை மாறக்கூடியது என்று வைத்து, உச்ச வரம்பை 3,000 என்பதுபோல் வாடிக்கையாளர் ஒப்புதலோடு போட்டிருந்தால் இந்த நாள் வராது. வந்துவிட்டால் பழைய விலையிலேயே இந்த மாதத்தை எடுத்துவிட்டு, புதிய மேண்டேட் இணைப்பை அனுப்பி, அடுத்த மாதம் விலையை ஏற்றுங்கள்.

வருடச் சந்தாக்காரர்கள் மட்டும் விழுகிறார்கள் என்றால் வேறு விஷயம். 2022 ஜூனிலிருந்து தானாக எடுக்கும் உச்ச வரம்பு 15,000 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு தடவையும் ஓடிபி வேண்டும். இன்ஷூரன்ஸ் பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில் ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு லட்சம் வரை விலக்கு உண்டு. உங்கள் மென்பொருளுக்குக் கிடையாது. பேப்பரில் வருடச் சந்தா 12,999 என்றுதான் இருக்கும், வரம்புக்குள் இருப்பதாகத் தோன்றும். 18 சதவீதம் சேர்த்தால் 15,338.82. விலையை 12,699 ஆக வைத்தால் 14,984.82, ஓடிபி இல்லாமல் ஏறிவிடும். முந்நூறு ரூபாய் குறைப்பது வருடத்துக்கு ஒரு தடவை எல்லாரையும் போனில் துரத்துவதைவிட மலிவு. குறைக்க மனமில்லை என்றால் ஆறு மாதத் தவணையாகப் பிரியுங்கள்.

## அறிகுறி: “பணம் போயிட்டு, நீங்க கட்டலைங்கிய!”

மறுமுயற்சியை அந்த நொடியே நிறுத்துங்கள். இந்த ஒரு அறிகுறியில் அவசரப்பட்டால் இரட்டைப் பணம் எடுத்துவிடுவீர்கள்.

கேட்வேயில் அந்தப் பரிவர்த்தனையைத் தேடுங்கள். அங்கே பணம் ஏறிவிட்டது என்பதற்கான `captured` இருந்து உங்கள் மென்பொருளில் மட்டும் நிலுவை என்றால், பணம் ஏறியதும் கேட்வே தானாக அனுப்பும் வெப்ஹுக் செய்தி உங்கள் சர்வருக்கு வந்து சேரவில்லை. வெப்ஹுக் பதிவைப் பார்த்து மறுபடி அனுப்பச் சொன்னால் தீர்ந்தது. இனி வராமல் இருக்க, ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் முன்னால் முந்தைய முயற்சியின் நிலையைக் கேட்வேயிடம் நேரடியாகக் கேட்டுவிட்டு ஓடும்படி மாற்றுங்கள். நிலை `processing` என்றால் அது தோல்வி அல்ல. முன்னறிவிப்பு நேரம் ஓடிக்கொண்டிருக்கலாம், இரண்டு நாள் பொறுக்க வேண்டும்.

கேட்வேயிலும் தோல்வி என்று இருந்து, வாடிக்கையாளர் கணக்கில் மட்டும் கழிந்திருந்தால் பணம் வங்கிகளுக்கு நடுவில் நிற்கிறது. இப்படிப்பட்ட பணம் பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும் என்பது 2019 அக்டோபரிலிருந்து உள்ள விதி. அந்தப் பரிவர்த்தனையை அடையாளம் காட்டும் 12 இலக்க ஆர்.ஆர்.என். எண்ணைக் கேட்வேயிலிருந்து எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டு, ஆறாம் நாள் வரை சந்தாவை நிலுவையாகக் காட்டாமல் வையுங்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால் அவர் வங்கியில் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் தீராவிட்டால் `cms.rbi.org.in` பக்கத்தில் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனுக்கு எழுதலாம். புகார் அவர் பெயரில்தான் போக வேண்டும்.

## அறிகுறி: அறிவிப்பு அனுப்பியது, யாருக்கும் வரவில்லை

எஸ்.எம்.எஸ். நிறுவனத்தின் அறிக்கையைத் திறந்தால் டி.எல்.டி. மறுப்பு என்று இருக்கும். டி.எல்.டி. என்பது நிறுவனங்கள் அனுப்பும் எஸ்.எம்.எஸ். வார்ப்புகளை முன்கூட்டியே பதிந்து வைக்கும் தொலைபேசி நிறுவனங்களின் பதிவேடு. பதிந்த வார்ப்பில் ஒரு சொல்லை மாற்றினாலும், முற்றுப்புள்ளி கூடினாலும் தொலைபேசி நிறுவனம் தடுத்துவிடும். செய்தியில் வரும் இணைய முகவரியும் தனியாகப் பதியப்பட்டிருக்க வேண்டும். தமிழ் வார்ப்பைத் தமிழிலேயே பதியுங்கள். ஒரு தமிழ் எஸ்.எம்.எஸ்-இல் 70 எழுத்துக் குறிகள்தான் அடங்கும், மேலே காட்டிய செய்தி பல எஸ்.எம்.எஸ்-ஸாகக் கணக்காகும். புள்ளியும் துணைக்காலும்கூட ஒவ்வொன்றும் ஒரு குறி. காசு பார்த்தால் எஸ்.எம்.எஸ்-இல் தொகை, இன்வாய்ஸ் எண், இணைப்பு மட்டும் வைத்து, முழு வாசகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

## அறிகுறி: நான்கு முயற்சியும் முடிந்தது, பணமும் இல்லை, பதிலும் இல்லை

26-ஆம் தேதி புதிய பில் போடுவதை மட்டும் நிறுத்துங்கள். பழைய கணக்கை அடைக்காதீர்கள், அது அவருடைய சொத்து. ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய அது இல்லாமல் தவித்தவர் திரும்பி வரவே மாட்டார்.

பேனலில் சந்தா `halted` அல்லது `unpaid` நிலைக்குப் போனதும் அடுத்த மாத இன்வாய்ஸ் தானாக உருவாகிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள். பல மென்பொருளில் பணம் எடுப்பது நிற்கும், இன்வாய்ஸ் போடுவது நிற்காது. போட்ட இன்வாய்ஸ் ஒவ்வொன்றுக்கும் 269.82 ரூபாய் வரியை நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். பணம் வரவில்லை என்பதற்காக மட்டும் அந்த வரியைத் திரும்பப் பெற ஜி.எஸ்.டி. சட்டத்தில் வழியில்லை. சேவை கொடுக்காத மாதத்துக்குத் தவறிப்போய் இன்வாய்ஸ் விழுந்திருந்தால் கிரெடிட் நோட் போட இடமுண்டு. அந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30-க்குள், அல்லது ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்குள், எது முதலில் வருகிறதோ அதற்குள் கணக்கில் காட்டிவிட வேண்டும். இதை நீங்களாகச் செய்யாமல் ஆடிட்டரிடம் கொண்டுபோங்கள். போகும்போது எந்தத் தேதியில் சேவை நின்றது என்பதற்கான பதிவையும், அனுப்பிய மூன்று அறிவிப்புகளையும் அச்செடுத்து எடுத்துக்கொண்டு போங்கள்.